நாலு மணிக்குள் அடங்க வேண்டிய மேஜை விரிப்பு

அலுவலகத்தில் அவளுக்குத் துணிக்கடை என்று பெயர். வைத்தவர் எதிர் மேஜைக்காரர். கம்ப்யூட்டரில் நாற்காலி, மேஜை, அலமாரி செய்வது அவர் வேலை. ஆகவே அவருக்குத் தச்சர் என்று அவள் பெயர் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டாள். மூன்று வருடமாகச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருவருடைய சொந்தப் பெயரும் இருக்கிறது.

அவள் எடுத்த எடுப்பில் துணிக்கு வந்தவள் இல்லை. பதினோரு வருடம் புகைப்படங்களில் தூசி தட்டினாள். மாடல்களின் முகத்தில் பரு எடுத்தாள், கண்ணாடி டம்ளர்களில் கைரேகை அழித்தாள். அந்தப் பதினோரு வருடத்தில் மதிய இடைவேளைகளில் தானாகவே கற்றுக்கொண்டதுதான் இந்தத் துணி வித்தை. கம்ப்யூட்டருக்குள் ஒரு துணி என்பது பின்னிய வலைபோல ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழ வேண்டும், எதில் இடிக்க வேண்டும், எங்கே மடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு இயந்திரம் நகர்த்தும். ஆர்வம் முற்றிப்போய், ஓட்டலுக்குப் போனால் மெனு பார்க்கும் முன் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். "சர்வர் நம்மளையே பாக்குறார்மா, கீழ விடு" என்று மகள் காலால் இடிப்பாள். கணவருக்குப் பழகிவிட்டது. அவர் சாப்பாடு சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

அன்றைய வேலை, மேஜை விரிப்பு விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம். ஜன்னல் திறக்கிறது, காற்று வருகிறது, சாப்பாட்டு மேஜையில் தொங்கும் விரிப்பின் ஓரங்கள் மெல்ல அலைகின்றன. நடுவில் ஒரு பழக்கிண்ணம். ஆறே நொடி. இந்த ஆறு நொடியைத் தலைவி, அதாவது அவர்களுடைய மேனேஜர், வெளிக் கம்பெனிக்கு அனுப்பப் பார்த்தார். நானே செய்கிறேன் என்று துணிக்கடைதான் மல்லுக்கு நின்று வாங்கினாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சரியாக வந்தால் இனி அவள் துணிக்காரி. வராவிட்டால் ஷாட் வெளியே போகும், அவள் திரும்பப் பருவுக்கே போவாள். தலைவி இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. காலண்டர் பார்த்துச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமையே விரிப்பு அழகாக உட்கார்ந்துவிட்டது. காற்று அடித்தால் மட்டும் முழுத் துணியும் வழுக்கி ஒரு பக்கமாக இறங்கியது. நிஜ வீட்டில் கிண்ணத்தின் கனம் துணியைப் பிடித்துக்கொள்ளும். அதையே இங்கும் செய்தாள்: கிண்ணத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புள்ளிகளை ஊசி குத்தினாற்போல அசையாமல் நிறுத்தினாள். வழுக்கல் நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளி காலை வந்து ஓடவிட்டுப் பார்த்தால், விரிப்பு வெடவெடவென்று நடுங்குகிறது.

தச்சர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, துணிக்குக் குளிர் ஜுரம். போர்வை ஒண்ணு போத்தி விடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைக்கும் துணிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற அளவைக் கூட்டினாள். அது குறைந்தால் மேஜை மூலை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதிகமானால் துணி மரத்தில் படாமல் காற்றில் மிதக்கும். கூட்டியதில் நடுக்கமும் கூடியது. ஒரு காட்சிக்குள் இயந்திரம் எத்தனை முறை கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை இரட்டிப்பாக்கினாள். நேரம்தான் இரட்டிப்பானது. பன்னிரண்டு மணிக்குத் தலைவி வந்து என்ன நிலவரம் என்று கேட்டபோது, துணி சரியாகத்தான் இருக்கிறது, மேஜையில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டாள். தச்சர் நாற்காலியை உருட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

டிபன் டப்பாவைத் திறக்காமலே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கத் தொடங்கினாள். காற்றை நிறுத்தினாள், நடுங்கியது. பூமியின் இழுப்பையே நிறுத்தினாள், அப்போதும் நடுங்கியது. மேஜையில் இடிக்காதே என்று சொன்னாள். நடுக்கம் நின்றது, ஆனால் விரிப்பு மரத்துக்குள் புகுந்து நடுப்புள்ளியிலிருந்து குடைபோலத் தொங்கியது. இடிப்பைத் திரும்பப் போட்டு ஊசியை மட்டும் எடுத்தாள். நடுங்கவில்லை. ஆக, ஊசி தனியாக இருந்தால் குற்றமில்லை, மேஜை தனியாக இருந்தால் குற்றமில்லை. இரண்டும் சேர்ந்தால் சண்டை.

பார்வையை மேஜை மட்டத்துக்கு இறக்கி, பழக்கிண்ணத்தை மறைத்துவிட்டு, பக்கவாட்டில் பார்த்தாள்.

ஊசி குத்திய புள்ளிகள் மரத்துக்குள் புதைந்திருந்தன. ஒரு விரல் ஆழம்.

மேஜைப் பலகை நேற்று இவ்வளவு தடிமன் இல்லையே என்று தோன்றியது. குழுச் செய்திகளைத் திறந்தாள். தச்சர் ஒரு நாளைக்கு நாற்பது நகைச்சுவைத் துணுக்கு அனுப்புகிறார் என்று அந்தக் குழுவின் வாயை அவள் எப்போதோ அடைத்து வைத்திருந்தாள். ஒரு பூனைப் படத்துக்கும் ஒரு மாமியார் ஜோக்குக்கும் நடுவே, நேற்று மாலை ஆறே காலுக்கு, ஒரு வரி: கம்பெனிக்காரங்க கேட்டதால பலகையை ஒரு விரல் தடிமனாக்கியிருக்கேன், கீழ தடிச்சா நாற்காலிக் கை இடிக்கும், அதனால மேல் பக்கமா.

மேஜை உயர்ந்தது. கிண்ணம் மேஜையோடு உயர்ந்தது. துணியின் மற்ற புள்ளிகளை ஆரம்பத்திலேயே மேஜை வெளியே தள்ளிவிட்டது. நிறுத்திவைத்த புள்ளிகள் மட்டும் நேற்றைய உயரத்திலேயே பிடிவாதமாக நின்றன. மேஜை வெளியே தள்ள, ஊசி உள்ளே இழுக்க, நடுவில் மாட்டிய பக்கத்துப் புள்ளிகள் வெடவெடத்தன. இதில் இடைவெளியை வேறு கூட்டி, தள்ளுகிறவனுக்குத் தெம்பு கொடுத்திருக்கிறாள். சண்டை நடக்கும் இடத்தின் மேலேயே கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல வைத்திருந்தால் யார் கண்ணில் படும்?

மணி இரண்டரை. ஊசியை முழுக்க எடுத்தாள். விரிப்பை ஒரு சாண் உயரத்தில் தூக்கி, காற்று இல்லாமல் புது மேஜைமேல் விழவிட்டாள். மடிப்புகள் ஆடி ஓயும்வரை காத்திருந்தாள். ஓய்ந்த அந்த வடிவத்தையே இனி ஆரம்பம் என்று வைத்து, புள்ளிகள் தாமாகப் போய் உட்கார்ந்த இடத்திலேயே அவற்றை நிறுத்தினாள். நடுவில் இறுக்கமாக, ஓரம் போகப் போகத் தளர்வாக. இல்லாவிட்டால் பிடித்த இடமும் விட்ட இடமும் சேரும் கோட்டில் வட்டமாக ஒரு சுருக்கம் விழும். இடைவெளியைப் பழைய அளவுக்குக் குறைத்தாள். சேமித்திருந்த பழைய கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அது ஓட நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. எழுந்து எதிர் மேஜைக்குப் போனாள்.

"தம்பி, தப்பு என்னோடது. நீங்க நேத்தே சொல்லியிருக்கீங்க. நான்தான் குரூப்பை மியூட்ல போட்டிருந்தேன்."

தச்சர் திரும்பவில்லை. "எப்போலேர்ந்து?"

"ஒரு... எட்டு மாசமா."

"அப்போ அந்த ஒட்டகச்சிவிங்கி ஜோக்கு?"

"பாக்கலை."

"அதான் நீங்க சிரிக்கவே இல்ல. நான் ஜோக்குதான் சரியில்லைன்னு நெனச்சுட்டேன்." இப்போது திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. "தலைவிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் மேஜைக்கு ஒரு மரியாதை இருக்கு."

மூன்றேமுக்காலுக்குத் தலைவி வந்து நின்றார். படம் காட்டும் முன் துணிக்கடை விஷயத்தைச் சொல்லிவிட்டாள்: மேஜையில் கோளாறு இல்லை, செய்தியைப் படிக்காதது தான்தான் என்று. பிறகு ஓடவிட்டாள். ஜன்னல் திறந்தது. ஓரங்கள் மட்டும் எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக அலைந்து, தாழ்ந்தன. கிண்ணத்தைச் சுற்றித் துணி சிலைபோல இருந்தது. தலைவி மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை, ஓட்டலில் துணிக்கடை செய்வதைப் போலவே, திரையில் தொங்கிய ஓரத்தை விரலால் தொட்டார்.

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால் காலண்டரைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை திரைச்சீலை விளம்பரம் வருது. பதினெட்டு ஜன்னல். எத்தனை நாள் ஆகும்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துடுங்க."

அவர் போனதும் துணிக்கடை நிதானமாக டிபன் டப்பாவைத் திறந்தாள். ஒரு கையால் சாப்பிட்டபடி மறு கையால் குழுவின் அடைப்பை எடுத்துவிட்டாள். அடுத்த நொடியே போன் அதிர்ந்தது. எதிர் மேஜையிலிருந்து ஒட்டகச்சிவிங்கி வந்திருந்தது. நல்ல ஜோக்குதான், சோறு புரையேறியது.