தலையணைக்கு அடியில் ஆயத்து

ஹமீதுன்னிசாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள். இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டு, மாவு தேய்ப்பதுபோல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்லத் தடவுவாள். சீப்பு அகப்படும், வெற்றிலைச் சுருள் அகப்படும், சில நாள் பாதி கடித்த பிஸ்கட். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன்பிறகுதான் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பாள். வீட்டார் சொல்லாததைத் தலையணை சொல்லும் என்பது அவள் எண்ணம். கீழக்கரையில் படித்து, தஞ்சாவூரில் நர்ஸ் பயிற்சி முடித்து, ரங்கூனுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அந்தக் கை மாறவில்லை. அங்குள்ளவர்கள் யாங்கூன் என்றார்கள். அவளுக்கு வாயில் ரங்கூன்தான் வந்தது.

அவள் வேலை பார்ப்பது நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில். தீக்காயத்துக்கென்று ஒதுக்கிய அறையில் நான்கு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் ஸமீரா. கணவன் ஜுல்ஃபிகருக்குத் துறைமுகப் பக்கம் போட்டாதாங்கில் கிடங்கு, படகுகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன். அடுப்பு வெடித்தது என்று சொல்லித்தான் அவளைக் கொண்டுவந்து போட்டான். புகை இறங்கித் தொண்டை வெந்துபோனதால் ஸமீராவுக்குக் குரல் இல்லை. இரண்டு கையிலும் விரல் நுனிவரை கட்டு. சொல்லவும் முடியாது, எழுதவும் முடியாது.

"அடுப்பு முன்னால் வெடித்தால் நெஞ்சு வேகும். இவளுக்குப் பிடரியும் முதுகும் வெந்திருக்கிறது," என்று டாக்டர் டோ மார் லே முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டு, கேஸ் தாளில் எழுதுவதற்குப் பேனாவை எடுத்து, மூடி வைத்துவிட்டார். புருஷன் சொன்னது அடுப்பு. கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

இப்போது ஜுல்ஃபிகர் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அவளைக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறான். புண் ஆறவில்லை. ஆனாலும் புருஷன் கேட்டால் நிறுத்தி வைக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு காரணம் வேண்டும்.

அன்று காலை கட்டு மாற்றும் முறை. ஸமீராவின் முதுகுத் துணியை உப்புநீரில் நனைத்து நனைத்துப் பிரிக்கும்போது, சதையோடு ஒட்டிய இடம் வந்தது. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கட்டிலின் கம்பிதான் கிடுகிடுத்தது. ஹமீதுன்னிசா தலையணையைத் தூக்கி நிமிர்த்தினாள். அன்றைய அவசரத்தில் அவள் தடவ மறந்த இடத்தில், நாலாக மடித்த தாள்.

அரபு எழுத்து. தாயத்துக்கு எழுதிய ஆயத்து, குர்ஆன் வசனம், என்று நினைத்து உதட்டில் வைக்கப்போனாள். கண் முதல் வரியில் தட்டி நின்றது. குர்ஆனில் வராத இடத்தில் புள்ளி. ட-வுக்கு, ண-வுக்கு, ள-வுக்கென்று அரபியில் இல்லாத புள்ளிகள். கீழக்கரையில் அவள் உம்மா வீட்டுக் கணக்கெல்லாம் எழுதிய எழுத்து. அரபு எழுத்தில் எழுதும் தமிழ், அரபுத்தமிழ். வலமிருந்து இடமாக வாயசைத்தாள்: *அடுப்பு வெடிக்கவில்லை.*

அடுத்த வரிக்குப் போகவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம். புண்களைப் படம் எடுக்க அறையில் ஒரு டிஜிட்டல் கேமரா உண்டு. தாளை மெத்தையில் விரித்து, நிழல் விழாமல் ஒதுங்கி நின்று, முழுத் தாளும் ஒன்று, மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று என்று மூன்று படம் எடுத்தாள். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். வைத்தவர் வந்து பார்த்தால் காணாமல் பயந்துவிடக் கூடாது.

உள்ளே வந்தவள் ஸமீராவின் மாமியார் சுல்தான் பீவி. தினமும் தூக்குவாளியில் சூப்போடு வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்து, மகன் வந்ததும் எழுந்துவிடுகிறவள். மகனுக்காக வேவு பார்க்கிறாள் என்று வார்டில் எல்லோருக்கும் அபிப்பிராயம். அவள் பின்னாலேயே ஜுல்ஃபிகரும் வந்தான்.

"சயாமா, துணியெல்லாம் கட்டியாச்சில்ல? வாசல்ல வண்டி நிக்குது." நர்ஸை அங்கே எல்லோரும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புண்ணு பச்சையா இருக்கு பாய். இப்ப தூக்கினா சீழ் வைக்கும்."

"எம் பொண்டாட்டிக்கு நான் சீழ் தொடைப்பேன். உங்களுக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே தலையணையை நிமிர்த்தினான். மடித்த தாள் கையில் வந்தது. அவன் முகம் தளர்ந்தது. பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டான். "யார் எழுதி வச்சது? உம்மா, நீங்களா?"

சுல்தான் பீவி வாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "பள்ளியிலேருந்து யாராவது," என்றாள்.

"எனக்குப் பார்த்து ஓதத் தெரியாது, மனப்பாடம்தான். கீழக்கரைக்காரங்க நீங்க, ஓதுங்க சயாமா. அவ காதுல விழட்டும். அப்புறம் தூக்கிட்டுப் போறோம்."

தாளை ஹமீதுன்னிசாவிடம் நீட்டினான். அவள் பிரித்தாள். தாளைப் பார்த்தபடியே, தாளில் இல்லாத ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே அதிசயம். கண்ணோ கீழே ஓடியது. *ஜுல்ஃபிகர் கதவை*... அடுத்து மடிப்பு... *போட்டு மண்ணெண்ணெயை*... முதுகு மெத்தையில் படாமல் ஒருக்களித்துக் கிடந்த ஸமீரா தலையைத் திருப்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கித் தலையணையில் ஊறியது.

ஓதி முடித்ததும் அவன் "ஆமீன்" என்றான். முத்தமிடத் தாளைத் திரும்ப வாங்கினான். இந்த முறை தாள் பிரிந்திருந்தது.

அவனுக்குப் பார்த்து ஓதத் தெரியாதுதான். ஆனால் கிடங்கின் பலகையில் தன் பெயரை அரபியில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தான். பத்து வருஷமாகத் தினம் காலையில் அதன் கீழேதான் பூட்டைத் திறக்கிறான். அந்த ஒரு வடிவம் அவனுக்குத் தெரியும்.

"இதுல எம் பேரு இருக்கு," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "ஆயத்துல எம் பேரு எப்படி வந்துச்சு?"

அவன் தாளைக் கசக்கி வாய்க்குள் திணித்து மென்றான். ஹமீதுன்னிசா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அவள் கையை இழுத்து மருந்து மேஜையின் இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் இடித்து மூடினான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கு முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. மறுபடி திறந்து, மறுபடி மூடினான். பிறகு குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பிடுங்கிக் கட்டிலைப் பார்த்து ஓங்கினான். அடி ஸமீராவின் கட்டுப்போட்ட கையில் விழுந்தது. துணி சிவந்தது. இரண்டாவது ஓங்கலுக்குள் ஆர்டர்லி கோ சோ பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். இரண்டு பேரும் பாட்டில்கள்மேல் விழுந்தார்கள். கண்ணாடி கிழித்த கோ சோவின் புருவத்திலிருந்து ரத்தம் தரையில் கோடு போட்டது. ஜுல்ஃபிகர் அவன் விலாவில் உதைத்து எழுந்து, வாசலை நோக்கி ஓடினான். ஓடும்போதும் மென்றுகொண்டிருந்தான்.

சுல்தான் பீவி சுவரோடு நின்றாள். ஹமீதுன்னிசா வலது கையால் அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். "உளவு பார்த்தது போதும். போங்க, இனி இந்தப் பக்கம் வராதீங்க." கிழவி வாளியை எடுக்காமலே போனாள்.

டாக்டர் டோ மார் லே அறையைப் பூட்டச் சொன்னார். போலீஸுக்கு ஆள் போனது. வந்த அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, "குடும்ப விஷயம். கைகலப்புக்கு ஒரு கேஸ் போடலாம். புருஷன் கேட்டால் மனைவியை அவனிடம்தான் தரவேண்டும். அந்தத் தாள் எங்கே?" என்றார்.

"தின்னுட்டான்," என்றான் கோ சோ, புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு. "நாளைக்குக் காலையில கிடைக்கும், எடுக்கறீங்களா?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஹமீதுன்னிசா கேமராவை எடுத்து வைத்தாள்.

இடது கைக்குப் பலகை வைத்துக் கட்டினார்கள். அதோடு உட்கார்ந்தாள். வெளிச்சம் திரையில் பட்டுப் பளபளத்ததால் தலைமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கினால் எழுத்துத் தெரிந்தது, வரி தொலைந்தது. சிறிதாக்கினால் வரி தெரிந்தது, புள்ளி கரைந்தது. ஆகவே ஒவ்வொரு சொல்லாகப் பெரிதாக்கி வலமிருந்து இடமாக நகர்த்தி, கண்டதைக் கண்டபடி தமிழ் எழுத்தில் முதலில் எழுதினாள். பொருள் பார்க்கவில்லை. முழுத் தாள் படத்தோடு வரிசையை ஒத்துப் பார்த்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வரிக்கும் கீழே இங்கிலீஷில். டாக்டர் அதைப் பர்மிய மொழியில் எழுதினார்.

*அடுப்பு வெடிக்கவில்லை. ஜுல்ஃபிகர் கதவை (மடிப்பு, தெரியவில்லை) போட்டு மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினான். நான் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மிச்சத்தையும் முடிப்பான். அல்லாவுக்காக இந்தப் பிள்ளையை அவன் கையில் தராதீர்கள்.* கையெழுத்து இல்லை.

"கதவைத் தாழ் போட்டு, அவ்வளவுதானே? எழுதும்மா," என்றார் அதிகாரி.

"தெரியலைங்க. கண்ணுக்குத் தெரியாததை எழுதினா, தெரிஞ்சதையும் நான் கட்டினதுன்னு அவன் சொல்லுவான்."

போட்டாதாங் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மோதினார் சாதிக் பாட்சாவை வண்டி அனுப்பி வரவழைத்தார்கள். இவள் எழுதியதை அவருக்குக் காட்டவில்லை. அதே போர்வைக்குள் கேமராவோடு அவரை உட்கார வைத்தார்கள். வெற்றிலை வாசனையோடு முனகல் கேட்டது. "இதென்னம்மா, புள்ளியெல்லாம் கொசு மாதிரி பறக்குது." கடைசியில் எழுதிக் கொடுத்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றே. மடிப்பில் அவரும் இடம் விட்டிருந்தார்.

அதிகாரிக்கு அதுவும் போதவில்லை. அப்போது டாக்டர் ஹமீதுன்னிசாவையும் மோதினாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஸமீராவிடம் தாளைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேட்டார். ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடு, இல்லையென்றால் இருமுறை. சரியாகப் புரிகிறதா என்று பார்க்க முதலில், உன் பெயர் நூருன்னிசாவா? இருமுறை. அன்றைக்கு மழை பெய்ததா? ஒருமுறை. சமைத்துக்கொண்டிருந்தாயா? இருமுறை. கதவு திறந்திருந்ததா? இருமுறை. எண்ணெய் உன்மேல் முன்னாலிருந்து விழுந்ததா? இருமுறை. கொளுத்தியவரை உனக்குத் தெரியுமா? கண் மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை.

அதிகாரி ஜுல்ஃபிகர்மேல் கேஸை எழுதிக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஸமீராவை யாரும் தூக்கிப்போகவில்லை. மறுநாள் காலை ஜுல்ஃபிகரை அவன் கிடங்கில், தன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே வைத்துப் பிடித்தார்கள். ஸமீரா மாண்டலேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகும்வரை ஜன்னலோரக் கட்டில் அவளுடையதாகவே இருந்தது. எழுதியது ஸமீராவின் அக்காவாக இருக்கும் என்று ஹமீதுன்னிசா நினைத்திருந்தாள். ஜுல்ஃபிகர் வீட்டு ஆள் யார் தன் ரத்தத்தையே இப்படிப் பெயர் சொல்லி எழுதும்?

அடுத்த ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க அவள் நின்ற வரிசையில் சாதிக் பாட்சா வந்து சொன்னார். ஸமீராவுக்கு அக்கா கிடையாது. அந்த வீட்டில் அரபுத்தமிழ் எழுதத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான், அது மகனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடியவன் நேரே வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த சுல்தான் பீவியின் வலது கையைப் பாக்கு உரலில் வைத்து, விரல் விரலாக இடித்திருக்கிறான்.