டக், டக் என்று அடித்த டிஸ்க்

அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே நான் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு, ஒரு மழைக் காலையில் பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் வந்தார். மழைக்கோட்டுக்குள் கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்திருந்தார்.

"தங்கச்சி, ஆன் பண்ணுனா உள்ளுக்கு டக், டக்குனு அடிக்குது. அப்புறமா ஓப்பன் ஆகுது. டிஸ்க்க செக் பண்ணவான்னு கேட்டுச்சு. பண்ணட்டுமா?"

"வேணாண்ணே! இனி நீங்க ஆன் பண்ணவே கூடாது."

அந்தச் சத்தம், டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகளைப் படிக்கும் முனை இடம் தெரியாமல் திரும்பித் திரும்பி ஓடி மோதுவதால் வருவது. மென்பொருளால் சரியாகாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டில் கீறல் விழலாம். முழு டிஸ்க்கையும் செக் பண்ணினால் இருக்கிற உயிரும் போய்விடும்.

"வேற காப்பி இருக்காண்ணே?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர் படமெடுத்த கல்யாணம் அதில் இருந்தது. பெண்ணின் அப்பா மறுவாரமே மாரடைப்பில் இறந்துபோனார். மகள் ஆல்பத்துக்காகக் காத்திருந்தாள்.

டிஸ்க்கைக் கழற்றி, அதன்மேல் எதுவும் எழுதப்படாதபடி என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பொருத்தினேன். நகலெடுக்கப் பக்கத்தில் புது டிஸ்க் ஒன்று. மின்சாரம் கொடுத்ததும் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு சுழற்சி சீராகி, ஃபோல்டர் தெரிந்தது.

"முதல்ல எதண்ணே வேணும்? எல்லாம் கிடைக்கும்னு நெனைக்காதீங்க."

அவர் முகத்தைத் துடைத்தார். "மாப்பிள்ளை அழைப்ப விடுங்க. தாரை வார்த்தது, அப்பா கைய புடிச்சுக் குடுத்தது. அது நடுவுல வரும்."

நடுவிலிருந்து கோப்புகளைத் தேர்ந்து நகலெடுத்தேன். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. தாலி கட்டும் படங்கள் வந்துகொண்டிருந்தபோது மறுபடியும் டக், டக். திரை உறைந்தது. அவர் மேசையை இறுகப் பிடித்தார்.

"இன்னொரு தடவ போட்டுப் பாப்பமா?"

"வேணாண்ணே. கொழும்புல தூசில்லாத ரூமுக்குள்ள டிஸ்க்க தெறந்து, அந்த முனைய மாத்துறவங்க இருக்காங்க. மிச்சத்த அவங்கதான் பாக்கணும்."

மின்சாரத்தை நிறுத்தினேன். நானும் ஆசைப்பட்டு இன்னொரு முறை போட்டுவிடுவேனோ என்று பயந்து, டிஸ்க்கைப் பையில் சுற்றி அவரிடமே கொடுத்தேன்.

வந்த படங்களைப் புது டிஸ்க்கில் ஒவ்வொன்றாகத் திறந்தோம். சிலவற்றில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாய் இருந்தது. தாரை வார்க்கும் படம் முழுதாக இருந்தது. அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு காப்பி எடுங்க தங்கச்சி," என்றார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அந்தப் பையை ஒரு கையால் பொத்தியபடியே என் கடையில் நின்றார்.