பெட்டியின் மடிப்பைப் பற்றி வந்த மெயில்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளும் லேபிளும் அச்சடிக்கும் ஆப்செட் பிரஸ் ஒன்றில் கொள்முதல் பார்ப்பது என் வேலை. மை, அட்டை, அச்சின் மேல் பளபளப்புக்குப் பூசும் வார்னிஷ் எல்லாம் என் வழியாகத்தான் வாங்கப்படும். அதனால் விற்க வருகிறவர்களின் மெயிலும் எனக்குத்தான் வரும். சீசன் நேரத்தில் காலையில் போனைத் திறந்தால் திரை நிறைய அவைதான் இருக்கும்.

ஒரு மெயிலுக்கு நான் கொடுப்பது ஒரு மூச்சு நேரம். அதற்குள் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயரும், தலைப்பும், முதல் வரியில் பாதியும்தான். அந்தப் பாதி வரியில் ‘தாங்கள் நலம் என நம்புகிறோம்’ என்று இருந்தால் விரல் தானாக அழித்துவிடும். ‘டியர் சார்’ என்று இருந்தால், நான் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் எழுதவே எழுதாத மெயிலுக்குப் பதில் போல ‘ரீ’ போட்டு வந்தால் திறக்காமலே போய்விடும்.

சந்தேகம் என் பிறவிக் குணம் இல்லை. ஒருமுறை எங்களுக்கு மை தருகிறவர்கள் பெயரில், ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து, பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர் கடைசி நிமிடத்தில் போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து பெயரைப் பார்த்தாலும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் விடமாட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மெயில் வந்தது. தலைப்பு: ‘உங்கள் மத்தாப்புப் பெட்டியின் மடிப்பில் வெள்ளைக் கோடு.’ அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. முதல் வரியில் என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அடுத்து விஷயம்: ‘மதுரையில் ஒரு கடையில் வாங்கிய உங்கள் பெட்டியில், மடிக்கும் இடத்தில் வார்னிஷ் வெடித்து அட்டையின் வெள்ளை தெரிகிறது. எங்கள் வார்னிஷ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு கேன் மாதிரி அனுப்பலாமா, வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.’ அவ்வளவுதான். இணைப்பு இல்லை, தட்டச் சொல்லும் லிங்க் இல்லை. கீழே காரியாபட்டிப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் பெயரும் ஒரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

விஷயம் சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. அந்தக் கோடு உண்மை. எங்களிடம் பெட்டி வாங்கும் பார்ட்டி ஒருவர் குறை சொல்லி, எங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த விஷயம் அது. கடையில் வாங்கிப் பார்த்தால் தெரியும் என்பது சரி. ஆனால் வார்னிஷ் வாங்குவது நான்தான் என்றும், என் பெயர் இன்னது என்றும் எப்படித் தெரியும்?

மிஷின் போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“உள்ள இருந்துதான் போயிருக்கு மேடம். போன மாசம் கோவிச்சுட்டு வேலையை விட்டு நின்னானே ஒருத்தன், அவன் வேலையாத்தான் இருக்கும்.”

எனக்கும் அதே எண்ணம்தான். சண்டை போட்டுக்கொண்டு போன, அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் அந்த டைகட்டிங் ஆளின் முகம் மனதில் வந்து நின்றது. மெயிலில் இருந்த நம்பருக்குப் போன் செய்யவில்லை. எங்களுக்கு அட்டை தரும் மதுரைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது, நடத்துவது ஒரு பெண்தான் என்று அவர் சொல்லி நம்பரும் கொடுத்தார். மெயிலில் இருந்த நம்பரேதான். ‘அனுப்புங்கள்’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டேன்.

கேனோடு அந்தப் பெண்ணே வந்தார். சில ஷீட் ஓட்டி, காயவிட்டு, மறுநாள் மடித்துப் பார்த்தோம். நீளவாக்கு மடிப்பில் கோடு இல்லை. குறுக்கு மடிப்பில் முன்பு போலவே வெடித்திருந்தது. அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன்.

“அது எங்க வார்னிஷ்ல சரியாகாது மேடம்,” என்றார். “அட்டையோட நார் ஓடுற திசைக்குக் குறுக்கா அந்த மடிப்பு விழுது. ஷீட்ல பெட்டியைத் திருப்பிப் போட்டு, முக்கியமான மடிப்பை நார் போற போக்குக்குக் கொண்டுவந்து பாருங்க.”

தன் சரக்கால் ஆகாது என்று விற்க வந்தவர் சொன்னபோதுகூட, இதுவும் நம்பவைக்க ஒரு வழியோ என்றுதான் தோன்றியது. கேட்டே விட்டேன்.

“என் பேரை யார் சொன்னாக?”

“பெட்டியில உங்க பிரஸ் பேரு இருந்துச்சு. ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன் மேடம். வார்னிஷ் விஷயம் யார்ட்ட பேசணும்னு கேட்டேன். எடுத்தவரு உங்க பேரை எழுத்துக் கூட்டியே சொன்னாரு. மிஷின் பக்கம் இருக்கேன், சத்தமா பேசுங்கன்னாரு.”

மிஷின் பக்கம் இருக்கும் போனை எடுப்பது எங்கள் போர்மேன் ஒருவர்தான். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஆமா, ஒரு பொம்பளைப் பிள்ளை கேட்டுச்சு. இந்த மெயிலுக்குத்தான் கேட்டுச்சுன்னு நினைக்கல.”

வேலையை விட்டுப் போன அந்த ஆளைப் பற்றி நாங்கள் இருவரும் நினைத்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. அடுத்த லோடில் பெட்டியைத் திருப்பிப் போட்டு ஓட்டினோம். குறுக்கில் இருந்த கோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த வார்னிஷ் கம்பெனிப் பெண்ணுக்குச் சின்னதாக ஒரு ஆர்டர் போட்டேன்.