ஆறு பாயிண்டுக்குப் பிறகு

மிக்கேல் என்ற பேரை முதலில் கேட்டது என் தங்கை வீட்டில், அவள் மகள் சிசிலிக்கு வரன் பேசியபோது. மாப்பிள்ளைக்கு சாந்தன்பாறைப் பக்கம் எஸ்டேட் கிளப்பில் மார்க்கர் வேலை என்றார்கள். டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொள்வார், துரைமார் ஆடும்போது உயர நாற்காலியில் ஏறி ஸ்கோர் சொல்வார். கோர்ட்டுக்குக் கீழேயே வீடும் உண்டு.

எழுபத்தாறாம் வருஷம் சிசிலிக்கு மாதம் நெருங்கியதென்று அந்த வீட்டில் போய் இருந்தேன். மழை இறங்கப்போகிற நாட்கள். கிளப்பில் அப்போதுதான் டைபிரேக் என்ற புது விதி வந்திருந்தது. ஆளுக்கு ஆறு கேம் ஆனால், முறைப்படி அடுத்து சர்வீஸ் உள்ளவர் ஒன்று போடுவார். பிறகு எதிராளி இரண்டு, இவர் இரண்டு என்று மாறிப்போகும். ஆறு பாயிண்டுக்கு ஒருதரம் பக்கம் மாறவேண்டும். ஏழு எடுத்து, இரண்டு முந்தியிருந்தால் செட் அவருக்கு. மிக்கேல் சோற்றில் கை வைத்துக்கொண்டே இதைச் சொல்லிப் பார்ப்பார். ஸ்கோரில் இன்னொரு தப்பு வந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான் என்று மானேஜர் துரை முன்பே சொல்லியிருந்தார்.

அன்று மானேஜருக்கும் கொச்சியிலிருந்து வந்த டைரக்டருக்கும் ஆட்டம். மிக்கேல் உயர நாற்காலியில் ஏறினார், நானும் சிசிலியும் வேலியோரம் நின்றோம். கடைசி செட்டும் ஆறுக்கு ஆறு வந்தது. பள்ளத்திலிருந்து பனிமஞ்சு ஏறி வலைக்கு ஒரு பக்கத்தை மூடியது.

"பெரிம்மா, அவுக வாயப் பாருங்க. விதியச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்காக," என்றாள் சிசிலி.

மானேஜர் ஒன்று போட்டார், டைரக்டர் இரண்டு, மானேஜர் இரண்டு, டைரக்டர் ஒன்று. பாயிண்ட் மூன்றுக்கு மூன்று. பக்கம் மாறினார்கள். டைரக்டருக்கு இன்னொரு சர்வீஸ் பாக்கி. பந்து அவர் கையில்தான் இருந்தது. ஆனால் கேம் முடிந்து பக்கம் மாறினால் சர்வீஸும் கைமாறும் என்பது பத்து வருஷப் பழக்கம். மிக்கேல், "சர்வீஸ் மானேஜர்," என்றுவிட்டார்.

டைரக்டர் கையிலிருந்த பந்தையும் மானேஜரையும் பார்த்தார். பிறகு வலைக்கடியில் உருட்டிவிட்டார். மானேஜர் வாய் திறக்காமல் எடுத்துப் போட்டார். இரண்டு பாயிண்டும் அவருக்கே. டைரக்டர் தம் இரண்டையும் எடுத்து ஐந்துக்கு ஐந்து ஆக்கினார். கடைசி இரண்டும் மறுபடி மானேஜருக்கு. ஏழுக்கு ஐந்து.

டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குக் கீழே வந்தார்.

"மிக்கேல், பக்கம் மாறினப்போ சர்வீஸ் யாருக்கு?"

மிக்கேல் விரல் விட்டு எண்ணினார். பாதியிலேயே விரல் நின்றுபோயிற்று.

"உங்களுக்குங்கய்யா."

"எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் சொல்றாரான்னு பார்த்தேன்."

ஆடிய பாயிண்டை அழிக்கமுடியாது, ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். மானேஜர் மட்டையை உறைக்குள் போட்டபடியே, நிமிராமல் சொன்னார்: "எனக்குப் பந்து கொடுக்கச் சொன்னவன் இவன்."

விடிந்ததும் கங்காணி வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வாசலில் நின்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிசிலி மழையில் இறங்கினாள். குழந்தை வழியில், பூப்பாறையில் பிறந்தது.

அந்த மானேஜரையும் அடுத்த மாதம் டைரக்டர் மாற்றிவிட்டார். ஆனால் வீடு திரும்ப வரவில்லை.

மிக்கேல் இப்போது போடியில் ஏலக்காய் மண்டியில் சாக்கு தைக்கிறார்.