வெள்ளைச் சீலைக்கு ஒரு நிபந்தனை

படத்தில் விதவை வேஷம் போட நான் காசுக்கு ஆசைப்பட்டுப் போனேன் என்று கோயில் வாசலில் கதைத்தார்களாமே, கேள் பிள்ளை, நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் படத்தில் நடிக்கத்தான் ஆசை.

குறும்படம் எடுக்கிற தம்பி ஒரு கடுதாசியோடு வந்தார். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகள்தான் உரத்து வாசித்தாள். படப்பிடிப்பு மூன்று நாள். சம்பளத்தில் பாதி இப்போது, பாதி கடைசி நாளில். படம் முடிகிற இடத்தில் என் பெயர் போடப்படும். எடுத்த காட்சிகளை அவர் இந்தப் படத்திலும் வேறு எதிலும் பாவிக்கலாம்.

"வேறை எதிலையுமோ? ஆரின்ரையோ செத்தவீட்டு வீடியோவிலை என்னை ஒட்டிப் போடுவியள்."

"எல்லாரும் உப்பிடித்தான் எழுதுறவை, அம்மா."

"நான் எல்லாருமில்லை. வெட்டும்."

சிரித்துக்கொண்டே அந்தச் சொற்களை வெட்டினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து, என் பெருவிரல். எந்தெந்த நாள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறுகளில் மாதா கோயில் பூசை, எங்கள் மீன்பிடிகாரர் கடலுக்குப் போவதில்லை. மூன்று நாள் என்றால் மூன்று ஞாயிறு என்றே நினைத்துவிட்டேன்.

அவர் செவ்வாய்க்கிழமை விடியற்காலை வந்து நின்றார். கமரா, ஜெனரேற்றர், நாலு பெடியள், ஒரு வெள்ளைச் சீலை. என் மனிதரோ கடலில்.

"சீலையை மாத்துங்கோ அம்மா, விடியல் வெளிச்சம் போகப்போகுது."

"அந்த மனுசன் கடலிலை நிக்கேக்கை நான் வெள்ளை கட்டுறதோ? விசரே உமக்கு?"

"நடிப்புத்தானே. மூண்டு நாள் எண்டு கைநாட்டு வைச்சனீங்கள்."

"மூண்டு நாள் எண்டுதான் கிடக்கு, செவ்வாய் எண்டு கிடக்கோ?"

மகளைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் செய்தார். கிழமை எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெனரேற்றர் வாடகை அவர் தலையில். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீலையைத் தொடவில்லை.

ஒன்பது மணிபோல வள்ளம் கரை சேர்ந்தது. மனிதர் விஷயத்தைக் கேட்டார்.

"எடியே, நான் கரையிலைதானே நிக்கிறன். கட்டு."

கட்டினேன். தாலியைக் கழற்றவில்லை, சட்டைக்குள் தள்ளிவிட்டேன். மனிதர் கமராவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். கடலைப் பார்த்து அழச் சொன்னால், என் கண் அவரிடமே போனது.

"அம்மா, அங்கை பாக்காதேங்கோ! திரும்ப எடுப்பம்!"

எத்தனை 'திரும்ப' என்று கணக்கில்லை. கடைசியில் எனக்கு அழுகை வந்தது, களைப்பில்தான். அதைத்தான் தம்பி நல்லது என்று வைத்துக்கொண்டார்.

பிறகு அந்தக் கடுதாசியிலேயே எழுதுவித்தேன்: வள்ளம் கரையில் நிற்கிற நாளில் மட்டும் படப்பிடிப்பு. இருவரும் மறுபடி ஒப்பம் வைத்தோம். மிச்ச இரண்டு நாளும் ஞாயிறுதான், பூசை முடிந்த பிறகு.

பொறு பிள்ளை, காயப்போட்ட கருவாட்டில் காகம். சூ! சூ!