பிடித்தம் போக

அப்பாவுக்குக் குரல் போன வருஷம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். தொண்டையில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். திரும்பி வந்தபோது பேச்சு இல்லை. மூச்சு விடும்போது ஒரு சீழ்க்கை மாதிரிச் சத்தம் மட்டும் வரும். எதையும் எழுதித்தான் காட்டுவார். வீடு முழுக்கத் துண்டுக் காகிதங்கள் கிடந்தன. 'வெந்நீர்', 'ஜன்னலைச் சாத்து', 'பால்காரன் வந்தானா', இப்படி. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவள் ஒவ்வொரு துண்டையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள்.

அவர் தென்காசியில் நெடுஞ்சாலை அலுவலகத்தில் கிளார்க். ரோட்டு வேலைக்காரர்களிலிருந்து ஓவர்சியர் வரை எல்லாருக்கும் சம்பள பில் போடுகிறவர் அவர்தான். நோயில் படுத்த பிறகு முழுச் சம்பள விடுப்பு தீர்ந்து, அரைச் சம்பள விடுப்பில் இருந்தார். அரைச் சம்பளத்தில் மருந்துக்கும் தம்பியின் பள்ளிக்கூடத்துக்கும் போக அரிசிக்கு நிற்கவில்லை.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். திருநெல்வேலி காலேஜில் பி.யு.சி.க்கு விண்ணப்பம் போட்டாயிற்று. காலேஜ் திறக்க ஜூலை ஆகும். அந்த இடைவெளியில்தான் குற்றாலத்தில் வேலை வந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று சீசனுக்கு அருவிக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்டுக் கடை வைக்கும். குளிக்க வருகிறவர்கள் துண்டும் வேட்டியும் வாங்குவார்கள். பெண்களிடம் சேலை விற்க ஒரு பெண் வேண்டும் என்று அப்பாவைப் பார்க்க வந்த சங்க மேனேஜர் சொன்னார். மாசம் அறுபது ரூபாய்.

"வயசுக்கு வந்த பிள்ளைய கடையில நிறுத்தவா?" என்று அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

அப்பா அன்றைக்கும் மறுநாளும் பழைய சம்பள பில் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார். இருமல் வந்தால் நிறுத்துவார். பிறகு மறுபடி எழுதுவார். நாலு தாளைக் குண்டூசியால் குத்தி என்னிடம் தந்தார். மேலே கோடு போட்டு 'பிள்ளைக்கு, வேலைக்குப் போகுமுன்' என்று இருந்தது.

அதை அன்று அம்மாவுக்கும் சேர்த்து உரக்க வாசித்தேன்.

'சம்பளப் பட்டியலில் மூன்று இடம் பார்க்க வேண்டும். மொத்தம், பிடித்தம், நிகரம். வீட்டில் சொல்ல வேண்டியது நிகரம், அதாவது கையில் வருவது. மொத்தத்தைச் சொல்லிவிட்டுக் குறைவாகக் கொண்டுவந்தால் அம்மா உன்னைச் சந்தேகப்படுவாள்.'

"நான் எதுக்கு சந்தேகப்படுதேன்?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். சீழ்க்கைச் சத்தம் வந்தது.

'உன் சம்பளம் முப்பது நாளுக்கு அறுபது. ஒரு நாளுக்கு இரண்டு ரூபாய். தற்காலிக வேலைக்கு விடுப்பு கிடையாது. வராத நாளுக்குப் பிடிப்பார்கள். அது நியாயம், கோபப்படாதே. வராத நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் பிடிக்க விடாதே.

'சரக்கும் பணமும் கையாளுகிறவர்களிடம் ஜாமீன் தொகை என்று மாசம் ஐந்து ரூபாய் பிடிப்பார்கள். அது உன் பணம்தான். வேலையை விடும்போது திருப்பித் தர வேண்டும். மாசாமாசம் ரசீது வாங்கு.

'சரக்கு குறைந்தாலோ கெட்டாலோ பிடிக்கலாம். ஆனால் அந்தச் சரக்கு உன் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். உன் கவனக்குறைவால் கெட்டிருக்க வேண்டும். பிடிக்குமுன் உன்னிடம் விளக்கம் கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பிடிக்கக் கூடாது.

'சேமநிதி நிரந்தர ஊழியர்களுக்கு. தொழில் வரி, ஒரு ஊரில் அரை வருஷத்தில் அறுபது நாளாவது தொழில் செய்கிறவர்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து. நீ அதற்குள் காலேஜுக்குப் போய்விடுவாய். வருமான வரி, ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை வருஷம் முழுக்க வருகிற வருமானத்தைக் கூட்டி, வரம்பைத் தாண்டினால்தான். வரம்பு ஆயிரக்கணக்கில். உனக்கு ஒன்றுமில்லை. வரி என்று யாராவது பிடித்தால் எந்த வரி என்று கேள்.

'இருபது ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகு பேச்சில்லை.

'உனக்குப் பதினாறு வயது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடையில் நிறுத்தக் கூடாது. சட்டம்.'

அந்தக் கடைசி வரியைக் கேட்டுத்தான் அம்மா சரி என்றாள்.

ஜூன் முதல் தேதி வேலைக்குப் போனேன். கடையில் என்னோடு ஒரு அண்ணாச்சி இருந்தார். தென்காசியில் தறிக்காரக் குடும்பம். துணியைத் தொட்டே அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்வார். எனக்குச் சேலையை விரிக்கவும் மடிக்கவும் கற்றுத் தந்தார். சாரல் விழுந்துகொண்டே இருக்கும். ஈரத் தலையோடு வருகிற பெண்கள் சேலையைத் தொட்டுத் தொட்டு நனைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளை நீட்டுவார். 'இன்று எத்தனை சேலை?' சொன்னதும் கட்டை விரலை உயர்த்துவார்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் வந்தான். "அக்கா, ஒங்கள வரச் சொன்னாவ" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணாச்சி என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவரும் கூடவே ஏறிவிட்டார். மேனேஜருக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கடையை மூடினார் என்று பிறகு தெரிந்தது.

அப்பா கடைசியாக எதுவும் எழுதவில்லை. பென்சில் தலைமாட்டில் கிடந்தது. கையில் எடுத்தார், முடியவில்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். "என்ன எழுத வந்தாவன்னு தெரியலியே" என்பாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாளே நான் கடைக்குப் போனேன். ஊரில் சிலர் வாய் பேசினார்கள். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

ஜூலை பிறந்து சம்பள நாள் வந்தது. மேனேஜர் தென்காசியிலிருந்து பட்டியலைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். என் பெயருக்கு நேரே மொத்தம் அறுபது. வராத நாள் பதினாறுக்கு முப்பத்திரண்டு. ஜாமீன் ஐந்து. அடுத்து 'சேதம்' என்று எட்டு ரூபாய். நிகரம் பதினைந்து.

பதினாறு என்ற எண்ணைப் பார்த்ததும் கண் மங்கியது. அப்பா இல்லாமல் போன நாட்களை யாரோ எண்ணி ரூபாயாக எழுதியிருந்தார்கள். அவர் நியாயம் என்று எழுதியிருந்ததால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"சேதம்னா என்ன சார்?" என்றேன்.

"கூரை ஒழுகி ஒரு கட்டுத் துண்டு மக்கிப்போச்சும்மா. கடையில ரெண்டு பேரு. பதினாறு ரூபாயை ஆளுக்குப் பாதியாப் போட்டிருக்கேன். ஆடிட்டுக்கு வந்தா என் தலைய உருட்டுவாங்க."

"எப்ப ஒழுகுச்சு?"

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "நீ போன நாலாம் நாளு பிள்ள. பெரிய மழை. காலையில வந்து பாத்தா அங்கன முழுக்கத் தண்ணி."

நான் பட்டியலில் விரலை வைத்தேன்.

"சார், இந்தப் பதினாறு நாளும் நான் வரலைன்னுதான முப்பத்திரண்டு ரூபா பிடிச்சிருக்கிய?"

"ஆமா."

"அப்ப அன்னைக்கு சரக்கு எப்பிடி என் பொறுப்புல இருக்கும்? வரலைன்னும் பிடிச்சு, இருந்து கெடுத்தேன்னும் பிடிச்சா எப்பிடி சார்?"

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. "அண்ணாச்சிக்கும் பிடிக்கக் கூடாது சார். கூரை ஒழுகுனது அவுஹ கவனக்குறைவு இல்ல. பிடிக்கதுக்கு முன்னாடி அவுஹகிட்ட விளக்கம் கேட்டியளா?"

"இதெல்லாம் யாரு சொன்னா ஒனக்கு?"

"அப்பா எழுதித் தந்தாவ."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கத்தில் சம்பளக் கணக்கில் சிக்கல் வந்தால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டுப் போவார். பிறகு சிவப்பு மை எடுத்து இரண்டு பேருக்கும் இருந்த எட்டு ரூபாயை அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கூரை பற்றி நிர்வாகக் குழுவுக்கு எழுதுகிறேன், சங்கத்து நட்டத்தில் சேர்க்கச் சொல்லுகிறேன் என்றார். அப்படியே சேர்த்தார்கள்.

நிகரம் இருபத்து மூன்று ஆயிற்று. எண்ணினேன். ஸ்டாம்பு ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். ஜாமீனுக்கு ரசீது வாங்கினேன். அவர் பஸ் ஏறிய பிறகு சேலை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். எட்டு ரூபாய்க்காக அப்பாவின் சாவைச் சாட்சிக்கு இழுத்துவிட்டது போல இருந்தது.

அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். "அழாத பிள்ள. அவுஹ ஒனக்குத்தான எழுதி வச்சிட்டுப் போயிருக்காவ" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் நிகரத்தைச் சொன்னேன். எப்படி இவ்வளவு குறைந்தது என்று அவள் கேட்கவில்லை. பால்காரனுக்கு, மளிகைக்கு, வாடகைக்கு என்று பிரித்து வைத்தாள். வாடகைக்குப் போதவில்லை. அப்பா ஆபீசிலிருந்து வர வேண்டிய பணம் இன்னும் வந்தபாடில்லை. அடுத்த வாரம் காலேஜிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. கட்ட வேண்டிய தொகையும் கடைசித் தேதியும் அதில் இருந்தன. அம்மா என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. அந்தத் தேதியன்று வழக்கம்போல ஆறரை மணிக்கு எழுந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

சீசன் முடிந்து தகரக் கூரையைப் பிரித்தார்கள். மேனேஜர் அண்ணாச்சியோடு என்னையும் சங்கத்தின் தென்காசி கடைக்கு எடுத்துக்கொண்டார். அப்பா எனக்கில்லை என்று எழுதியவை ஒவ்வொன்றாக என் பெயருக்கு நேரே வந்தன. முதலில் தொழில் வரி. நிரந்தரம் ஆன பிறகு சேமநிதி. அப்பா போன வருஷம் தம்பி எட்டாம் வகுப்பு. அவன் படிப்பு நிற்கவில்லை.

அப்பா போன அதே வருஷம், தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள் அவள் அம்மாவோடு கடைக்கு வந்தாள். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏட்டி, நீ இங்கன என்ன பண்ணுத? லீவுக்கு வேலைக்கு வந்திருக்கியா?"

எனக்குப் பின்னால் அண்ணாச்சி சேலை மடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

"ஆமா" என்றேன்.

"எந்த காலேஜு? சொல்லவே இல்லையே!"

"மொதல்ல சேலையப் பாரு" என்று பச்சையும் அரக்குமாக நாலைந்தை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.