பத்து நிமிடம் முன்னால் வந்த ஆறு இலக்கங்கள்

அல்லிநகரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். அங்கே நான் சேர்ந்து மூன்று வருடம்; பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்த அவள் சேர்ந்து நான்கு மாதம். முதலாளி என்னை "ஏம்மா" என்பார். அவளை வாஞ்சையாக "ஆத்தா" என்பார். இதை நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வருகைப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு, கைபேசியில் உள்ள ஒரு ஆப் காட்டும் ஆறு இலக்கமும் வேண்டும். அது அவள் யோசனை. நான் சொன்னது எஸ்எம்எஸ்ஸில் எண் அனுப்பும் முறை. முதலாளி அவள் பக்கம் சாய்ந்தார்.

முதல் வாரமே எஸ்டேட் கிளார்க் போன் செய்தார். எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்கிறதாம். இன்று சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் மென்பொருளே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"அங்கன டவரே கெடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் கேபிள் நெட்டு. போனுக்கு நம்பர் எங்கிட்டிருந்து வரும்?" என்றார் முதலாளி.

"வெளிய இருந்து எதுவும் வரத் தேவையில்ல சார். போனுக்குள்ளயே கணக்குப் போட்டுக்கிடும்," என்றாள் அவள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது நெசமான்னு பாத்துச் சொல்லு. இல்லேன்னா இதத் தூக்கிட்டு ஒன்னோடதப் போட்டுருவோம்."

டவர் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ்ஸும் போகாது. அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

அவள் சொன்னது தவறாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் சோதனைகளைத் தாளில் வரிசையாக எழுதினேன்.

ஒன்று: ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கி, சர்வர் காட்டிய கட்டம் போட்ட படத்தை இரண்டு போன்களில் ஸ்கேன் செய்தேன். அந்தப் படத்துக்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. அன்று முதல் சர்வரிடமும் போனிடமும் அது ஒன்றே. பிறகு ஒரு போனை, டவரோ நெட்டோ எட்டாத விமான நிலைக்கு மாற்றினேன். இரண்டிலும் ஒரே எண். முப்பது நொடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்தே மாறின.

இரண்டு: ஆப்பே இல்லாமல், அதே சாவியையும் அப்போதைய நேரத்தை முப்பது முப்பது நொடியாக வெட்டிய எண்ணையும் என் கணினியில் ஒரு சிறு நிரலுக்குக் கொடுத்தேன். அதே ஆறு இலக்கம் வந்தது. சாவியும் கடிகாரமும்தான், வேறெதுவும் இல்லை. அவள் சொன்னது சரிதான்.

அப்படியானால் மலை மேலே ஏன் பொய்க்கிறது? சாவி தவறாக இருக்கலாம், இல்லை கடிகாரம்.

மூன்றாவதாக, விமான நிலையில் இருந்த போனில் தானாக நேரம் எடுப்பதை நிறுத்தி, 11:02 மணியை 11:12 ஆக்கினேன். அது காட்டிய எண்ணைச் சர்வர் ஏற்கவில்லை. ஒரு முப்பது நொடி முன்பின் ஆனால் சர்வர் பொறுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தைப் பொறுக்காது. அந்த எண்ணை எழுதிவைத்துவிட்டு, சரியான நேரம் காட்டும் போனின் முன் உட்கார்ந்தேன். அவள் இரண்டு முறை டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். சரியாக 11:12க்கு அந்த எண் வந்தது.

அந்த இருக்கையில் இருந்தபடியே "இது அங்கே சரிப்படாது சார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அவளுடைய வேலையைப் பிரித்துப் போட்டுவிடலாம். தாளை ஒருமுறை மடித்தேன், பிரித்தேன். பொய்யான முடிவின் கீழ் என் கையெழுத்தைப் போட எனக்கு வரவில்லை.

எல்லோர் முன்னாலும் எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, கிளார்க்கைக் கேட்டேன். "அண்ணே, ஒங்க செல்போன்ல இப்ப மணி என்ன?"

"பதினொன்னு அம்பது."

எங்கள் சுவரில் பதினொன்று நாற்பது.

"பத்து நிமிஷம் கூட இருக்கேண்ணே?"

"இருக்கும்மா! நாந்தான வச்சேன். ஆபீஸ் கடிகாரமே இங்கன பத்து நிமிஷம் கூடத்தான். அப்பத்தான் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆளுக நேரத்துக்கு வருவாக. ரெண்டும் ஒத்துப்போகணும்ல?"

"செவத்துக் கடிகாரம் அப்படியே இருக்கட்டும். செல்லுல மட்டும் சரியான நேரம் வைங்க."

"மேனேஜரு கேட்டா?"

"கம்ப்யூட்டருக்குப் பெரட்டு கெடையாதுன்னு சொல்லுங்க."

முனகிக்கொண்டே, நான் சொன்ன நேரத்துக்குச் செல்லை மாற்றினார். எண்ணைப் போட்டார். "தொறந்துருச்சு தாயி!" என்று கத்தியது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அக்காதான் சார் கண்டுபிடிச்சாக," என்றாள் அவள், நான் கேட்காமலே. அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

முதலாளி சிரித்தார். "பாத்தியா ஆத்தா, ஒன்னோடதுதான் நின்னுச்சு. திங்கக்கெழம நீயே மேல போயி எல்லாருக்கும் போட்டுக் குடுத்துட்டு வா."

அவள் இதுவரை மேகமலைக்குப் போனதில்லை. சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தப் பாதை குடலைப் பிரட்டும். நேரத்தைச் சரிபார்ப்பது முதல் புதுச் சாவி போடுவது வரை ஏழு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். எட்டாவதாக வாந்தி மாத்திரை என்று எழுத வந்த கை, நின்றுவிட்டது.